படுக்கையில் புரண்டால் சுற்றும் தலை: பொறுத்திருப்பதா, மாத்திரையா, எபிலி முறையா?

காலையில் எழும்போதோ இரவில் ஒருபக்கம் புரளும்போதோ அறை முழுவதும் கிறுகிறுவென்று சுழல்கிறது. கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் சுழல்வது நின்றுவிடுகிறது. வயிற்றுப் புரட்டல் மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சுகிறது. அசையாமல் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மறுபடி அதே பக்கம் புரண்டால் மறுபடி அதே சுழற்சி. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் பிசியோதெரபி செய்துவரும் எனக்கு இந்தக் கதை மனப்பாடம். கூடவே வரும் கேள்வியும் மாறுவதில்லை: இப்போது என்ன செய்வது?

இதற்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் பல. தானாகச் சரியாகும், பொறுத்திருங்கள் என்பது ஒன்று. மாத்திரை போடுங்கள் என்பது இன்னொன்று. ஸ்கேன் எடுங்கள், கழுத்துப் பட்டை போடுங்கள், வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் தடவுங்கள், வீடியோ பார்த்து வீட்டிலேயே எபிலி முறையில் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று வரிசை நீளும். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், காதுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த வழி உதவும், எது உதவாது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

உள்காதில் நம் சமநிலையைக் கவனிக்கும் இரண்டு வகை உறுப்புகள் உள்ளன. ஒன்று சிறு பை. அதன் அடியில் கூழ் போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். கால்சியம் கார்பனேட், அதாவது சிப்பியில் உள்ள அதே பொருள். இன்னொன்று, நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பும்போது குழாய்க்குள் நீர் நகரும். அது குழாயின் ஒரு முனையிலுள்ள மெல்லிய சவ்வை வளைக்கும். மூளை அதை 'தலை திரும்புகிறது' என்று புரிந்துகொள்ளும். வயதாகும்போதும், தலையில் அடிபட்ட பின்னும், சிலருக்குக் காரணமே தெரியாமலும், துகள்கள் பையிலிருந்து உதிர்ந்து குழாய்க்குள் நழுவிவிடுகின்றன. தலை அசையும்போது அவை குழாயில் உருண்டு நீரை இழுக்கின்றன. தலை நின்ற பிறகும் நீர் நிற்பதில்லை. 'நீ சுழல்கிறாய்' என்று காது மூளையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. துகள்கள் அடியில் போய்த் தங்கியதும் சுழற்சி அடங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுபோவதன் காரணம் இதுதான்.

மூன்று குழாய்களில் பின்பக்கக் குழாய்தான் உட்கார்ந்தாலும் படுத்தாலும் தாழ்ந்து கிடப்பது. அதனால் இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்குத் துகள்கள் அதில்தான் சிக்குகின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இது மூளை நோயல்ல, ரத்த அழுத்தமல்ல, பித்தமும் அல்ல. இடம் மாறிப்போன கொஞ்சம் சுண்ணாம்பு. மருந்தால் கரையாது, இடம் மாற்றினால் போய்விடும்.

கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவின் கதையை வைத்து இந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வயது ஐம்பத்தெட்டு. அண்டி ஆபீசில் பல ஆண்டுகள் முந்திரிக்கொட்டை உடைத்தவர். ஒரு விடியற்காலை வலப்பக்கம் புரண்டபோது முதல்முறை சுற்றியது. எழுந்து உட்காரும்போது மறுபடி. அன்று பகலில் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்தபோது மூன்றாவது முறை. "மக்களே, தலை கறங்குகிறது, வலப்பக்கம் சாய்ந்தால் போதும்" என்றுதான் என்னிடம் ஆரம்பித்தார். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் அவருக்கு நிறைய நடந்திருந்தது.

முதலில் ரத்த அழுத்தம் பார்த்திருந்தார்கள். மேல் அளவு 150. அதுதான் காரணம் என்று சொல்லி மாத்திரை. சுற்றி வாந்தியெடுத்துப் பயந்துபோய் மருத்துவமனைக்குள் நுழைபவருக்கு அழுத்தம் ஏறியிருப்பது சகஜம். பயந்ததால் ஏறிய அழுத்தமே சுழற்சிக்குக் காரணமாக்கப்பட்டுவிட்டது. அடுத்து தலைக்கு ஸ்கேன். அதில் ஒன்றுமில்லை. துகள்கள் அதில் தெரியப் போவதுமில்லை. பிறகு இன்னோரிடத்தில் கழுத்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை. ஐம்பத்தெட்டு வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தெலும்பில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அது படத்தில் இருப்பதனால் மட்டும் சுழற்சிக்குக் காரணமாகிவிடாது. பட்டை போட்டிருந்தவரை தலையை அவ்வளவாகத் திருப்பாததால் சுழற்சி குறைந்தது போல இருந்தது. கழற்றியதும் பழைய கதை.

ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கு வேண்டும் என்பதில்தான் என் பேச்சு. சுழற்சி நிற்காமல் மணிக்கணக்கில் நீடித்தால், பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், கை கால் வலுவிழந்தால், பிடிக்காமல் நிற்கவோ நடக்கவோ முடியாவிட்டால், இதுவரை இல்லாத கடும் தலைவலியோ கழுத்து வலியோ கூட வந்தால், அது காதின் கதையல்ல. சிறுமூளைக்கான ரத்த ஓட்டம் அடைபட்டாலும் தலை சுற்றும். அப்போது பிசியோதெரபியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இந்த அடையாளம் எதுவும் இல்லாமல், புரண்டால் மட்டும் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதென்றால், ஸ்கேனுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அடுத்து வரும் சோதனைக்குக் கொடுக்கும் ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

அதற்குப் பெயர் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. 1952-ல் விவரிக்கப்பட்டது. கருவி எதுவும் தேவையில்லை, ஒரு கட்டில் போதும். நோயாளியைக் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே சட்டென்று பின்னால் படுக்க வைப்போம். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தாழ்ந்து, 20 பாகை அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். கண்களை மூடக் கூடாது. நான் பார்ப்பது கண்களைத்தான். சில நொடிகள் ஒன்றுமே நடக்காது. பிறகு கண்மணிகள் நெற்றியை நோக்கித் துடிக்கும், கூடவே தாழ்ந்த காதின் பக்கமாகத் திருகும். அரை நிமிடம் போல ஆடி அடங்கும். எழுந்து உட்கார்ந்தால் எதிர்த்திசையில் ஆடும். இந்தச் சில நொடித் தாமதமும், திருகும் துடிப்பும், அடங்கிப்போவதும் சேர்ந்துதான் பின்பக்கக் குழாயின் முத்திரை. தாமதமே இல்லாமல் தொடங்கி, படுத்திருக்கும்வரை நிற்காமல் ஆடினாலோ, கண்கள் நேராகக் கீழ்நோக்கித் துடித்தாலோ, நான் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

அந்த அம்மாவை இடப்பக்கம் சாய்த்தபோது ஒன்றுமில்லை. வலப்பக்கம் சாய்த்ததும் நான்கைந்து நொடி அமைதி. பிறகு "ஐயோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் எழுதிவைத்ததுபோல ஆடின. வலது காது, பின்பக்கக் குழாய். இவ்வளவு நாளாக யாரும் அவரைப் படுக்க வைத்துப் பார்த்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சுழற்சி படுக்கையில்தான் வருகிறது என்று எல்லோரிடமும் அவர் சொல்லித்தான் இருக்கிறார்.

இனி அவர் முன்னால் இருந்த வழிகள். ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். துகள்கள் தாமாகவே பைக்குத் திரும்புவதும், நீரில் கரைவதும் உண்டு. சில வாரங்களில் பலருக்கு அப்படி நடக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களும் அதை ஒரு வழியாகவே சொல்கின்றன. ஆனால் எவ்வளவு நாள் என்பது யார் கையிலும் இல்லை. இளவயதில், வீட்டில் இருப்பவர் பொறுக்கலாம். வயதானவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பொறுத்தது வீணாகிவிடும். விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டுபவரும், பனையேறுபவரும், தென்னையேறுபவரும், குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கடலுக்குப் போகிறவரும் சில வாரங்கள் சம்பாத்தியம் இல்லாமல் காத்திருக்கவும் முடியாது, சுற்றும் தலையோடு வேலைக்குப் போகவும் கூடாது. இவர்களுக்குப் பொறுத்திருத்தல் என்பது மிக விலை கூடிய வைத்தியம்.

மாத்திரைதான் இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் போகும் வழி. பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் என்று மூன்று பெயர்கள் மருந்துச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் துகளை ஒரு மயிரிழைகூட நகர்த்தாது. சின்னரிசினும் புரோக்ளோர்பெரசினும் குமட்டலை அடக்கும், மூளையைக் கொஞ்சம் மந்தமாக்கும். சுழற்சி வந்துபோவது ஒரு நிமிடம், மாத்திரையின் மந்தம் நாள் முழுவதும். கணக்கே சரியில்லை. வயதானவர்கள் இவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் தூக்கம், தள்ளாட்டம் வரும். நடுக்குவாதம் போலக் கை நடுங்கி உடல் இறுகுவதும் உண்டு. ஆட்டம் பிடித்த நோய்க்குக் கொடுத்த மருந்தே ஆட்டத்தைக் கொண்டுவருகிறது. 2017-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோய்க்கு இத்தகைய மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. எனக்கு மாத்திரையோடு முழுப் பகையில்லை. சோதனையின்போதே வாந்தியெடுத்துவிடுவார் என்று தோன்றும் நோயாளிக்கு, மருத்துவர் ஒரு வேளை குமட்டல் மாத்திரை கொடுத்து அனுப்பினால் வேலை சுலபமாகும். அதோடு சரி. சோதனைக்கு வரும் நாளில் காலை மாத்திரை போட்டுவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு தொல்லை: கண் ஆட்டம் மங்கிப்போய்ச் சோதனை ஏமாற்றிவிடலாம். ஆனால் வேறு நோய்க்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆசானிடம் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது வர்மத்தின் மண். சுளுக்குக்கும் முதுகுக்கும் தடவல் போட்டு நலம் பெற்றவர்கள் என் வீட்டிலேயே உண்டு. ஆனால் உள்காது எலும்புக்குள் புதைந்திருக்கிறது. மேலே எவ்வளவு எண்ணெய் தடவினாலும் குழாய்க்குள் இருக்கும் துகளுக்கு எட்டாது. எட்டாதென்பது மட்டுமே என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்குவதுதான் எனக்குப் பயம். கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தத் திருகலில் கிழிந்துபோகும் வாய்ப்பு உண்டு. தடவல் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், சொடுக்கு வேண்டாம்.

இப்போது எபிலி முறை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எபிலி என்ற காது மருத்துவர், துகள் குழாயில் மிதக்கிறதென்றால் தலையைச் சரியான வரிசையில் திருப்பி அதை வெளியே உருட்டிவிடலாமே என்று யோசித்தார். பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் அவரை நம்பவில்லை, கேலிதான் செய்தார்கள். 1992-ல் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வளைந்த ரப்பர் குழாய்க்குள் சிக்கிய மணலை, குழாயைத் திருப்பித் திருப்பி வாய்ப்பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறோமே, அவ்வளவுதான் இதன் சூத்திரம். மருந்தில்லை, கத்தியில்லை, நேரம் ஐந்து நிமிடம்.

வலது காதுக்கு இப்படிச் செய்வோம். தொடக்கம் சோதனையேதான்: தலை வலப்பக்கம் 45 பாகை, சட்டென்று பின்னால் படுத்து, தலை தாழ்ந்து தொங்க வேண்டும். சுழற்சி வரும். அது நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அடுத்து, தலையை மேலே தூக்காமல், தாழ்ந்த நிலையிலேயே மெதுவாக இடப்பக்கம் 90 பாகை திருப்ப வேண்டும். இப்போது முகம் இடப்பக்கம் 45 பாகையில் இருக்கும். மறுபடி அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். பிறகு உடலையும் இடது தோளின்மேல் ஒருக்களிக்க வைத்து, தலையை அதே திசையில் இன்னும் 90 பாகை திருப்ப வேண்டும். மூக்கு தரையைப் பார்க்கும்படி முகம் கவிழ்ந்திருக்க வேண்டும். மறுபடி அதே அளவு நேரம். கடைசியில் கால்களைக் கட்டிலிலிருந்து கீழே போட்டு, முகவாய் நெஞ்சைத் தொடும்படி குனிந்தபடியே எழுந்து உட்கார வேண்டும். இடது காதென்றால் இடதும் வலதும் மாறும், வேறெதுவும் மாறாது.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது நிலையில் சில நொடிகள் மறுபடி சுற்றியது. அவர் பயந்தார், எனக்கு மகிழ்ச்சி. முதல் நிலையில் ஆடிய அதே திசையில் கண் மறுபடி ஆடினால், துகள் சரியான வழியில் முன்னேறுகிறது என்று பொருள். எதிர்த்திசையில் ஆடியிருந்தால் அது வந்த வழியே திரும்பிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். எழுந்து உட்கார்ந்ததும் நான் அவர் தோளை விடவில்லை. துகள்கள் மொத்தமாகப் பைக்குள் விழும் அந்தக் கணத்தில் சிலருக்குத் தரையே நழுவியதுபோல இருக்கும், முன்னாலோ பின்னாலோ சாய்ந்துவிடுவார்கள். வீட்டில் தனியாகச் செய்பவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சற்று இளைப்பாறிய பிறகு மறுபடி சோதனை. கண் ஆட்டம் மிக லேசாக இருந்தது. இன்னொரு முறை செய்து அனுப்பினேன்.

இது எவ்வளவு பேருக்குப் பலிக்கும்? 2014-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களிலோ சிகிச்சை பெறாதவர்களிலோ நூற்றுக்கு 21 பேருக்குச் சுழற்சி முழுதாக நின்றிருந்தது. எபிலி முறை செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கு. கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. கழுத்து, முதுகு வலியால் அந்த நிலைகளைச் சிலரால் தாங்க முடியவில்லை என்பது மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு நூறு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே தடவையில் எல்லோருக்கும் தீராது. ஓரிரு நாள் கழித்து மறுபடி செய்ய வேண்டியவர்கள் நிறைய.

அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். சுழற்சி நின்றது, ஆனால் பஞ்சுமேல் நடப்பதுபோல ஒரு தள்ளாட்டம் மிஞ்சியது. இது சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம்வரை இருக்கும். சிகிச்சை தோற்றதாக நினைத்து மாத்திரைக்குத் திரும்பிவிடுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் திரும்புகிறார்கள். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது: புரளும்போது அறை சுழன்றால் துகள் இன்னும் குழாயில் இருக்கிறது. நடக்கும்போது மட்டும் லேசாகத் தள்ளாடினால் மூளை பழையபடி ஒத்துப்போக நேரம் எடுக்கிறது, நடந்தால் தீரும். சில நாள் கழித்து அவர் வலப்பக்கம் புரண்டபோது சிறிதாகச் சுழன்றது. மறுபடி ஒருமுறை செய்தேன். அதோடு போய்விட்டது. இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், பட்டை போட வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது தேவையில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிரவே பிடித்தபடி படுக்கலாம்.

எல்லோருக்கும் இதைச் செய்ய மாட்டேன். கழுத்தில் அறுவைச் சிகிச்சை அல்லது முறிவு கண்டவர்கள், முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்புள்ளவர்கள், அண்மையில் விழித்திரைக்குச் சிகிச்சை செய்தவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். கழுத்தைச் சாய்க்க முடியாதவர்களுக்கு, பக்கவாட்டில் சட்டென்று படுத்து மறுபக்கம் மாறும் செமான்ட் முறை இருக்கிறது. அதில் கழுத்தைப் பின்னால் தொங்கவிட வேண்டியதில்லை, ஆனால் உடல் கனமானவர்களை அவ்வளவு வேகமாகப் புரட்டுவது கஷ்டம். பஸ்சில் வருபவர்களுக்கு ஒரு சொல்: காலையில் புட்டும் பயறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். திரும்பிப் போகத் துணைக்கு ஆள் வேண்டும்.

அப்படியானால் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் முதல்முறை அல்ல. முதல்முறை எந்தக் காது, எந்தக் குழாய் என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. தனியார் காது மருத்துவர்களும் உண்டு. இந்தச் சோதனை தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டும் போதும். போகும் இடத்தில், "படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். கழுத்து எக்ஸ்ரேயோடு மட்டும் நிறுத்திக்கொள்ளும் இடமென்றால் வேறிடம் பாருங்கள்.

ஒருமுறை காது உறுதியாகிவிட்டால் வீட்டுமுறை நல்ல வழி. இதில் இரண்டு வகை. தெரிந்தவர்கள் அதிகம் சொல்லித்தருவது பிராண்ட்-டாரோஃப் பயிற்சி: கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இடம், வலம் என்று மாறி மாறிச் சாய்ந்து படுப்பது, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், நாளுக்குப் பல தடவை, இரண்டு வாரம். காது எதென்று தெரியாவிட்டாலும் செய்யலாம் என்பது இதன் வசதி. ஆனால் நோயாளிகளே வீட்டில் செய்வதை ஒப்பிட்டு 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எபிலி முறையை மாற்றியமைத்துச் செய்தவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு ஒரு வாரத்தில் சுழற்சி நின்றது. பிராண்ட்-டாரோஃப் செய்தவர்களில் 23 பேருக்குத்தான். நாளுக்குப் பலமுறை தலைசுற்ற வைத்துக்கொள்ளும் பயிற்சியை இரண்டு வாரம் தொடர்பவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் எபிலி செய்ய உயரக் கட்டில் வேண்டாம். தரையில் பாய் விரித்து, ஒரு தடித்த தலையணையைத் தலைக்கல்ல, தோள்பட்டைக்கு அடியில் வருமாறு வையுங்கள். படுத்தால் தலை தானாகப் பின்னால் தாழும், விழுவதற்கு உயரமும் இல்லை. எழும்போது பிடிக்க ஓர் ஆள் அருகில் இருக்கட்டும். இரவு படுக்கும்முன் செய்வது நல்லது. மேலே சொன்ன அதே வரிசை, அதே நேரம். பிசகுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். தலையைத் திருப்பும்போது இடையில் தூக்கிவிடுகிறார்கள், துகள் பின்வாங்கிவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கைத் தரைப்பக்கம் கவிழ்க்காமல் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள், கடைசி வளைவை அது தாண்டுவதில்லை. சுற்றியதும் பயந்து நேரம் ஆவதற்குள் எழுந்துவிடுகிறார்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நொடி எண்ணினால் மூன்றாவது பிசகு வராது.

வீட்டில் நிறுத்திவிட வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. இரு பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றினால், துகள் பின்பக்கக் குழாயில் இல்லாமல் கிடைமட்டக் குழாயில் இருக்கலாம். எபிலி செய்யும்போதே அப்படி இடம் மாறுவதும் உண்டு. அதற்கு உருண்டு புரளும் வேறு முறை இருக்கிறது, எபிலியைத் திரும்பத் திரும்பச் செய்து பலனில்லை. வீட்டில் இரண்டு மூன்று நாள் செய்தும் மாறாவிட்டாலும் திரும்பி வரவேண்டும்.

என்னைக் கேட்டால் வரிசை இது: முதல்முறை என்றால் சோதனை, உறுதியானால் அங்கேயே எபிலி. மிஞ்சினால் இன்னொரு முறை. பிறகு வருவதற்கு வீட்டுமுறை. கழுத்து இடம் கொடுக்காதவருக்கு செமான்ட், அதுவும் ஆகாதவருக்குப் பிராண்ட்-டாரோஃப். மாத்திரை குமட்டலுக்கு மட்டும், ஓரிரு நாள். சோதனையில் கண் ஆடாமல் மறைந்தபிறகே மரமேறுபவர் மரத்தைத் தொடலாம். தள்ளாட்டம் மிஞ்சியிருந்தால் அதுவும் தீரும்வரை தரையில்தான் வேலை.

இது திரும்ப வரக்கூடிய நோய். மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பாய்வில் வெற்றிகரமாகச் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 36 பேருக்கு மறுபடி வந்திருந்தது. அடிக்கடி வருபவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கலாம். அது குறைவாக இருப்பவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தபோது மறுபடி வருவது குறைந்ததாக 2020-ல் கொரிய ஆய்வு ஒன்று காட்டியது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கருங்கல் அம்மாவுக்கும் பின்னொரு மழைக்காலத்தில் திரும்ப வந்தது. கற்றுக்கொடுத்தபடி பாயில் தலையணை வைத்து, வலது காதுக்கு இரண்டு இரவு செய்திருக்கிறார். ஒன்றும் மாறவில்லை என்று வந்தார். எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு இடப்பக்கம் என்றார். இந்தமுறை இடது காது. சோதனையும் அதையே சொன்னது. இடது காதுக்கு ஒருமுறை செய்து அனுப்பினேன். புரளும் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு அந்தக் காதுக்குச் செய்யும்படி எழுதிக் கொடுத்ததை, அவர் மருமகள் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாராம்.